‘சரி, பார்க்கிறேன்’ என்று தோழி முடித்துக்கொண்டபோது

கேள்வி: என் நெருங்கிய தோழி, மறதி நோய் வந்த தன் அப்பாவை இரண்டு வருடமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அதற்காக வேலையையும் விட்டுவிட்டாள். அண்ணன் வெளியூரில் இருக்கிறார், பணம் மட்டும் அனுப்புவார். போன மாதம் ஒரு ராத்திரி போனில், “சில நாள் அப்பா போய்ச் சேர்ந்துட்டா நல்லா இருக்கும்னு தோணுது” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்படியெல்லாம் சொல்லாதே, பாவம்” என்றேன். பிறகு பகல்நேரப் பராமரிப்பு மையம், உதவிக்கு ஆள் வைப்பது, அண்ணனிடம் கறாராகப் பேசுவது என்று எனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் சொன்னேன். “சரி, பார்க்கிறேன்” என்று வைத்துவிட்டாள். அதன்பிறகு அவளாக அழைக்கவே இல்லை. நானாக அழைத்தாலும் “நல்லா இருக்கேன்” என்பதோடு முடித்துக்கொள்கிறாள். யோசனை சொல்லாமல் காதுகொடுத்துக் கேட்பது எப்படி? வெறுமனே கேட்பதால் அவளுக்கு என்ன பயன்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

‘சரி, பார்க்கிறேன்’ என்ற அந்த இரண்டு சொற்களிலிருந்தே தொடங்குகிறேன். ஆலோசனை அறையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அவை நன்கு அறிமுகமானவை. ஒரு யோசனை உண்மையிலேயே மனத்தில் பதிந்தவர் பெரும்பாலும் மேலும் கேட்பார். எவ்வளவு செலவாகும், யாரிடம் விசாரிப்பது, அப்பா ஒத்துக்கொள்வாரா என்று பேச்சு நீளும். ‘சரி, பார்க்கிறேன்’ என்பவர், உங்களுக்கு மனவருத்தம் வராதபடி கதவைச் சாத்திக்கொள்கிறார். உங்கள் தோழி அன்றிரவு கோபப்படவில்லை என்றே நினைக்கிறேன். தான் சொல்ல வந்ததைச் சொல்ல இது இடமில்லை என்று அவர் முடிவுசெய்துவிட்டார்; இப்போது அவர் சொல்லும் ‘நல்லா இருக்கேன்’ அந்த முடிவின் தொடர்ச்சிதான்.

நீங்கள் சொன்ன வழிகள் எவையும் தவறானவை அல்ல. ஆனால் இரண்டு வருடமாக ஒரு நோயாளியை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் ஒருவர், பராமரிப்பு மையத்தையும் உதவியாளரையும் அண்ணனையும் பற்றி ஏற்கெனவே பலமுறை யோசித்துத்தான் இருப்பார். ஒவ்வொன்றும் ஏன் கைகூடவில்லை என்பதற்கு அவரிடம் ஒரு கதை இருக்கும். அந்தக் கதையைக் கேட்காமல் வழியைச் சொல்லும்போது, நாம் நினைக்காத ஒரு பொருளும் அதோடு சேர்ந்து அவரைப் போய்ச் சேர்கிறது: ‘இவ்வளவு எளிய விஷயம் உனக்குத் தோன்றவில்லையே!’ ‘பாவம்’ என்ற சொல்லோ இன்னும் ஆழமாகத் தைத்திருக்கும். தந்தையின் முடிவை விரும்பும் எண்ணம் தன்னுள் எழுந்ததைக் கண்டு அவரே திடுக்கிட்டுப்போய்த்தான் உங்களிடம் அதைச் சொல்லியிருப்பார். நீண்டகாலம் நோயாளியைப் பராமரிப்பவர்களிடம் இந்த எண்ணம் அரிதானதே அல்ல. அளவற்ற அன்போடு கூடவே அது இருக்க முடியும். அதை வாய்விட்டுச் சொல்லத் துணிவதுதான் அரிது. அந்த அரிய கணத்தில் அவர் உங்களைத் தேர்ந்தெடுத்தார்.

அப்படிப்பட்ட கணத்தில் நம் வாய் ஏன் உடனே யோசனைக்குத் தாவுகிறது? அன்பினால்தான் என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மை. மறுபாதி, அந்தச் சொற்கள் நமக்குள் கிளப்பும் பதற்றம். மாற்றத்துக்கு ஊக்கமளிக்கும் ஒரு வகை உரையாடல் முறையை உருவாக்கிய வில்லியம் மில்லர், ஸ்டீஃபன் ரோல்னிக் ஆகிய உளவியலாளர்கள், எதிரில் இருப்பவரின் நிலையை உடனே சரிசெய்துவிடத் துடிக்கும் இந்த உந்துதலுக்குத் தனியாக ஒரு பெயரே கொடுத்திருக்கிறார்கள். உதவும் தொழிலுக்கு வருபவர்களிடம் அது சற்றுக் கூடுதலாகவே இருக்கும் என்பது என் அனுபவமும்கூட. பயிற்சிக் காலத்தில், ஒப்புதல் பெற்றுப் பதிவுசெய்த உரையாடல்களை ஒரு சொல் விடாமல் எழுத்தில் பெயர்த்துப் படிக்க வேண்டும். அப்படி எழுதியபோதுதான், எதிரில் இருப்பவர் அழத் தொடங்கும் இடங்களில் எல்லாம் நான் ஒரு கேள்வியையோ ஆலோசனையையோ நுழைத்திருப்பதைக் கண்டேன். அவருடைய அழுகையைத் தாங்க முடியாதவளாக இருந்தது நான்தான். யோசனை சொல்லாமல் இருப்பதற்கான முதல் பயிற்சி, அந்தத் துடிப்பு எழும்போது ‘இது என் பதற்றம்’ என்று மனத்துக்குள் அடையாளம் கண்டு, அதை வாய்வரை வரவிடாமல் ஒரு மூச்சு நேரம் வைத்திருப்பது.

இனி ‘வெறுமனே கேட்பது’ என்று நீங்கள் எழுதியதற்கு வருகிறேன். கேட்பது வெறுமனே நடப்பதல்ல. 1957இல் கார்ல் ரோஜர்ஸ், ரிச்சர்டு ஃபார்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதற்கு ‘ஆக்டிவ் லிசனிங்’ என்று பெயரிட்டார்கள். முனைந்து கேட்டல் என்று தமிழில் சொல்லலாம். வாயை மூடிக்கொண்டு தலையாட்டுவதை அவர்கள் அந்தப் பெயரால் குறிக்கவில்லை. எதிரில் இருப்பவர் சொன்னதையும் அதன் அடியில் இருக்கும் உணர்வையும் நாம் எப்படிப் புரிந்துகொண்டோம் என்பதை நம் சொற்களில் அவரிடமே திருப்பிக் கொடுத்து, அது சரிதானா என்று அவர் வாயாலேயே தெரிந்துகொள்வதுதான் அதில் ‘முனைந்து’ செய்யும் பகுதி. நாம் புரிந்துகொண்டதை ஒரு ஊகமாக வைக்கிறோம். அதைச் சரி என்றோ தவறு என்றோ சொல்லும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. தன் மனத்தைப் பற்றி அவர் மட்டுமே நிபுணர் என்ற நிலையில் உரையாடல் நகர்கிறது.

இதில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் செயல், காத்திருப்பது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் கேள்வி கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையிலான இடைவெளி சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று தெரியவந்தது. அதாவது, சாதாரணப் பேச்சில் மௌனத்துக்கு இடமே இல்லை. அதனால்தான் தோழி ஒரு கனமான வாக்கியத்தைச் சொல்லி நிறுத்தும்போது, மூன்று விநாடி அமைதிகூட நமக்கு யுகம்போலத் தோன்றுகிறது. அந்த மூன்று விநாடியை மனத்துக்குள் எண்ணுங்கள். பெரும்பாலும் அவரே தொடர்வார். தொடர்ந்து வருவது முதலில் சொன்னதைவிட உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். தொலைபேசியில் முகம் தெரியாது என்பதால், நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள் என்பதைக் காட்ட மெதுவாக ஒரு ‘ம்…’ போதும். ‘அப்புறம்?’ என்று கேட்காதீர்கள். அது கதை கேட்பவரின் சொல். சொல்பவரை அடுத்த சம்பவத்துக்கு இழுத்துச் செல்லும். அவருக்கு வேண்டியது, இருக்கும் இடத்திலேயே இன்னும் கொஞ்சம் நிற்பது.

இரண்டாவது செயல், திருப்பிச் சொல்வது. இதைப் பற்றி விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நம் மொழியில் திருப்பிச் சொல்வதற்குச் சில தனிச் சிக்கல்கள் உண்டு.

முதலாவது, வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ‘ஆ’. “தனியா மாட்டிக்கிட்டியா?” என்று கேட்டால் அது வினா, அவர் “ஆமா” என்று சொல்லி நிறுத்திவிடலாம், அல்லது தன்னை விசாரிப்பதாக உணரலாம். “இந்த வீட்டுல தனியா மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு உனக்கு” என்று கீழிறங்கும் குரலில் சொன்னால் அது அவர் பக்கத்தில் போய் உட்கார்வதைப் போன்றது. பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் சரியில்லை என்றால் திருத்த இடம் இருக்கிறது. ‘மாதிரி’, ‘போல’, ‘னு தோணுது’ என்ற சொற்கள் நம் ஊகத்தை ஊகமாகவே வைத்திருக்க உதவும் அருமையான கருவிகள். அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, உணர்வுகளின் பெயர். நம்மில் பலர் உணர்வை உடலின் வழியாகத்தான் சொல்கிறோம்: நெஞ்சை அடைக்குது, மனசு பாரமா இருக்கு, வெறுத்துப் போச்சு, கை கால் ஓடலை. “உனக்கு மன அழுத்தம் அதிகமா இருக்குபோல” என்று அதைப் புத்தகச் சொல்லாக மாற்றிக் கொடுத்தால், அவர் மருத்துவரின் குறிப்பேட்டில் ஏறிவிட்டதாக உணர்வார். நெஞ்சடைப்பதாக அவர் சொன்னால், அந்தச் சொல்லையே எடுத்து, “நெஞ்சை அடைக்குற அளவுக்கு…” என்று சொல்லி நிறுத்துங்கள். நாம் அடிக்கடி கேட்கும் இன்னொரு தொடர், ‘ஒரு மாதிரியா இருக்கு’. கேட்பவர் உடனே ஒரு பெயரைச் சூட்டிவிடத் துடிக்கும் தொடர் அது. அங்கே அவசரப்படாதீர்கள், பெயர் தெரியாததால்தான் அவர் அப்படிச் சொல்கிறார். “அந்த ஒரு மாதிரிய இன்னும் கொஞ்சம் சொல்லேன்” என்றால், அவரே தேடிக் கண்டுபிடிப்பார்.

மூன்றாவது, ‘ஏன்’. “ஏன் அப்படித் தோணுச்சு?” என்ற கேள்வியை நாம் அக்கறையோடுதான் கேட்கிறோம். ஆனால் குழந்தைப் பருவம் முதலே ‘ஏன்’ என்பது பெரும்பாலும் தவறு செய்தவரிடம் கேட்கப்படும் கேள்வியாகவே நம் காதில் விழுந்திருக்கிறது. அதைக் கேட்டதும் மனம் காரணங்களை அடுக்கித் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். “என்ன ஆச்சு இன்னிக்கு?” என்று கேட்டால், அதே செய்தி தற்காப்பு இல்லாமல் வரும்.

இவை ஒரே உரையாடலில் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்பதைக் காட்ட, உங்கள் தோழியின் அந்த இரவையே எடுத்துக்கொள்கிறேன். உண்மையில் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியாது. பராமரிப்பில் இருக்கும் பலர் பேசிக் கேட்டதிலிருந்து, நடந்திருக்கக்கூடிய ஒன்றாக எழுதுகிறேன்.

“சில நாள் அப்பா போய்ச் சேர்ந்துட்டா நல்லா இருக்கும்னு தோணுது.”

இங்கே மூன்று விநாடி. பிறகு, தாழ்ந்த குரலில்: “அந்த அளவுக்கு ஓய்ஞ்சு போயிருக்க.”

கவனியுங்கள்: இந்த வாக்கியம் அவர் எண்ணத்தை ஆதரிக்கவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. அந்தச் சொற்களின் அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு ஊகத்தை வைக்கிறது. அவர் சொல்லலாம்: “ஓய்ச்சல் எல்லாம் பழகிடுச்சு. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறதுகூடப் பழகிடுச்சு. அது இல்ல.”

நம் ஊகம் தவறிவிட்டது. இந்த இடத்தில் பலர் கலங்கி, “பின்னே என்ன?” என்று கேட்பார்கள், அல்லது தம் ஊகத்தை நிலைநாட்ட முயல்வார்கள். இரண்டும் வேண்டாம். தவறான ஊகம் ஒரு நட்டம் அல்ல. ‘அது இல்ல’ என்று அவர் சொன்ன கணத்திலேயே, ‘எது’ என்று தனக்குள் தேடத் தொடங்கிவிட்டார். அவர் தந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு காத்திருங்கள்: “ம்… ஓய்ச்சல் இல்ல. வேற ஏதோ ஒண்ணு.”

“இன்னிக்குச் சாயங்காலம் என்னைப் பார்த்து, ‘நீங்க யாரு, எங்க வீட்ல என்ன பண்றீங்க’ன்னு கேட்டார். நான் சிரிச்சுக்கிட்டே ‘உங்க பொண்ணுப்பா’ன்னேன். ‘என் பொண்ணு சின்னப் பொண்ணு’ன்னார்.”

இங்கே ஒரு சொல்லும் வேண்டாம். இன்னும் சில விநாடிகள் போகட்டும். பிறகு: “அவர் கண்ணு முன்னாடியே இருக்க. ஆனா அவருக்கு நீ இல்ல.”

“அதான்… அதேதான். அப்பா ஏற்கெனவே போயிட்டார். நான் யாரையோ பார்த்துக்கிட்டிருக்கேன். போனவருக்கு அழவும் முடியல, ஏன்னா இவர் இருக்கார்.”

தொடக்கத்தில் ‘அப்பா போய்ச் சேர்ந்துட்டா’ என்று கேட்ட வாக்கியத்தின் உள்ளே இருந்தது இதுதான்: முடிவுக்கான விருப்பமாக ஒலித்தது, துக்கம் கொண்டாட வழியில்லாத ஒரு மகளின் துக்கம். பராமரிப்பு மையம் இதைத் தொடாது. அண்ணனிடம் பேசும் கறாரும் தொடாது. கேட்பதால் என்ன பயன் என்று நீங்கள் எழுதியதற்கு என் விடை இந்த இடத்தில் இருக்கிறது. தனியாக இருந்தபோது ‘நான் கெட்டவள்’ என்ற ஒரே உருவில் அவரைத் துரத்திய எண்ணம், இன்னொருவர் முன்னிலையில் விரிந்து, தன் உண்மையான உருவத்தை அவருக்கே காட்டுகிறது. நோய் அப்படியேதான் இருக்கும். இரவில் நான்கு முறை எழுவதும் இருக்கும். ஆனால் அந்த எண்ணத்தை மறைத்துவைக்கச் செலவான சக்தி அவருக்குத் திரும்பக் கிடைக்கும். அப்படிக் கிடைத்த பிறகு, பராமரிப்பு மையத்தைப் பற்றி அவரே பேச்செடுப்பதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நாம் சரியான வழியில்தான் போகிறோமா என்று அந்த நேரத்திலேயே எப்படித் தெரிந்துகொள்வது? அவர் பேச்சில் இரண்டு ஒலிகளைக் கவனித்தால் போதும். ‘அதான்’ என்று வந்து, அதைத் தொடர்ந்து நீங்கள் இதுவரை அறியாத ஒரு புதிய விவரம் வந்தால், நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ‘ஆமா… ஆனா’ என்று இரண்டு முறைக்குமேல் வந்தால், நீங்கள் உங்களையறியாமலே சரிசெய்யத் தொடங்கிவிட்டீர்கள். ‘ஆமா, ஆனா அப்பா அங்க போகமாட்டார்’, ‘ஆமா, ஆனா அண்ணன்கிட்ட சொன்னாச்சு’. அப்படிக் காதில் விழுந்ததும் நிறுத்தி, “நான் பாட்டுக்கு வழி சொல்ல ஆரம்பிச்சுட்டேன். நீ சொல்லிக்கிட்டிருந்ததை நான் விட்டுட்டேன், மறுபடி சொல்லு” என்று நேராகவே சொல்லிவிடலாம். நட்பில் இப்படித் திரும்பிவருவது மிக எளிது. அதற்காக யாரும் உங்களை மதிப்பிறக்கம் செய்ய மாட்டார்கள்.

திருப்பிச் சொல்வதிலும் பிசகுகள் உண்டு. அவர் சொல்வதை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரொலித்தால், சில நிமிடங்களில் அவருக்கு எரிச்சல் வரும். அது நியாயமான எரிச்சல். நான்கைந்து வாக்கியங்களுக்கு ஒருமுறை, அதுவும் அவர் நிறுத்தும் இடத்தில் மட்டும் சொன்னால் போதும். இன்னொன்று, உணர்வின் அளவு. அவர் ‘கொஞ்சம் கஷ்டமா இருக்கு’ என்றால், ‘நொறுங்கிப்போயிருக்க’ என்று ஏற்றிச் சொல்லாதீர்கள். அவர் பின்வாங்கி, ‘அவ்வளவெல்லாம் இல்ல’ என்று தன் உணர்வையே குறைத்துக்கொள்வார். ஐயமிருந்தால் ஒரு படி குறைத்துச் சொல்வது நல்லது. அப்போது அவரே, ‘கொஞ்சம் இல்ல, ரொம்ப’ என்று உயர்த்திக்கொள்வார்.

தீர்ப்பு என்பதைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ‘பாவம்’ என்ற சொல் எப்படித் தைத்திருக்கும் என்று முன்பே சொல்லிவிட்டேன், ஆகவே அதைப் பற்றி நான் மேலும் எழுதப்போவதில்லை. ஆனால் இனிய தீர்ப்புகளும் உண்டு, அவற்றை நாம் கவனிப்பதில்லை. ரோஜர்ஸின் வழியில் வந்த தாமஸ் கார்டன், ஒருவர் மனம் திறக்கும்போது நாம் போடும் தடைகள் என்று 12 வகைகளைப் பட்டியலிட்டார். கட்டளையிடுதல், எச்சரித்தல், அறம் உரைத்தல் ஆகியவற்றோடு, புகழ்தலும் ஆறுதல் சொல்லுதலும் அதில் இருக்கின்றன என்பதைப் பார்த்து என் பயிற்சி மாணவர்கள் ஒவ்வொரு ஆண்டும் வியப்படைகிறார்கள். “உன்னை மாதிரி ஒரு பொண்ணு கிடைக்க உங்கப்பா கொடுத்துவெச்சிருக்கணும்” என்று நீங்கள் சொன்னால், அது உண்மையாகவே இருந்தாலும், அதன்பிறகு உங்கள் தோழி ‘சில நாள் அவரைக் கத்திவிடுகிறேன்’ என்பதை எப்படிச் சொல்வார்? நீங்கள் ஏற்றிவைத்த இடத்திலிருந்து அவர் இறங்க வேண்டியிருக்கும். “உங்கண்ணன் செய்யறது அநியாயம்” என்பதும் அப்படித்தான். இன்று அண்ணன்மீது கோபமாக இருப்பவர் நாளை அவருக்காகப் பரிந்து பேசலாம். நீங்கள் வழங்கிய தீர்ப்பு இருவருக்கும் நடுவில் நிற்கும். “அண்ணன்கிட்ட இருந்து பணம் வருது, அண்ணன் வரலைன்னு இருக்கு” என்றால், தீர்ப்பும் இல்லை, அவர் வலியும் தவறவில்லை.

‘எனக்கும் இப்படித்தான், எங்க பாட்டிக்கு…’ என்று நம் கதையைத் தொடங்குவதும் பேச்சின் கடிவாளத்தை நம் கைக்கு மாற்றிவிடும். ஒரு வாக்கியத்தில் சொல்லி உடனே அவரிடம் திரும்பிவர முடிந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் அது வேறொரு நாளுக்கானது.

யோசனையே கூடாதா என்றால், அப்படியில்லை. “நான் என்ன பண்ணட்டும்?” என்று அவர் கேட்கக்கூடும். ஆனால் அது சில சமயம் உண்மையான கேள்வி, சில சமயம் வெறும் பெருமூச்சு. எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், குரலிலும் எளிதில் பிரித்தறிய முடியாது. ஆகவே கேட்டுவிடுவதே நல்லது: “இப்போ சேர்ந்து வழி யோசிக்கலாமா, இல்ல இன்னும் கொஞ்சம் பேசணும்போல இருக்கா?” அவர் வழி வேண்டும் என்றால், முதலில் அவர் இதுவரை என்னென்ன முயன்று பார்த்தார் என்று கேளுங்கள். அதன்பின் உங்களிடம் ஏதாவது மிச்சம் இருந்தால், ஒன்றை மட்டும் சொல்லுங்கள். எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவர் விருப்பம் என்பது உங்கள் குரலில் தெரியட்டும்.

இந்த முறை போதாமல் போகும் ஓர் இடம் உண்டு, அதை நான் மழுப்பாமல் எழுத வேண்டும். ‘அப்பா போய்ச் சேர்ந்துட்டா’ என்பது ஒன்று. ‘நான் இருந்து என்ன ஆகப்போகுது’, ‘ரெண்டு பேருமே போயிட்டா நிம்மதி’, ‘என்னையும் மீறி அப்பாவை ஏதாவது பண்ணிடுவேனோன்னு பயமா இருக்கு’ என்பவை வேறு. அப்படி ஒரு சொல் வந்தால், திருப்பிச் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். “உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” என்று அதே சொற்களில், சுற்றி வளைக்காமல் கேளுங்கள். இப்படிக் கேட்பது இல்லாத எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்கப்பட்டதில் பலர் ஆறுதலே அடைகிறார்கள். விடை ‘ஆமாம்’ என்றால், அல்லது தெளிவில்லாமல் இழுத்தால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல், அன்றே அவர் குடும்பத்தில் ஒருவரையும் மனநல மருத்துவர் அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; உடனடி ஆபத்து தெரிந்தால் அவசர உதவியை அழைத்துவிடுங்கள். இங்கே நீங்கள் செயல்படுவது கேட்டலுக்கு எதிரானதல்ல. அவர் சொன்னதன் முழு எடையையும் நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்பதன் விளைவு அது.

உங்களுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. தூக்கம் கண்ணைச் சுற்றும்போதோ, குழந்தை அழைத்துக்கொண்டிருக்கும்போதோ அரைமனத்துடன் ‘ம்’ போடுவதைவிட, “எனக்கு இப்போ அரைமணி நேரம் இருக்கு, அதுவரைக்கும் முழுசா உன்னோட இருக்கேன்” என்று தொடக்கத்திலேயே சொல்வது அவரை மதிப்பதாகும். முடிவு எங்கே என்று தெரிந்தால் அவரும் எதைச் சொல்வது என்று தேர்ந்துகொள்வார்.

பேசும் முன் கொஞ்சம் பழகிக்கொள்ள விரும்பினால், ரோஜர்ஸ் சொன்ன ஒரு சிறு பயிற்சி உண்டு. வீட்டில் யாருடனாவது ஒரு விஷயத்தில் கருத்து வேறுபடும்போது, ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: அவர் சொன்னதை, ‘ஆமாம், நான் சொன்னது அதுதான்’ என்று அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் உங்கள் வாதத்தைத் தொடங்கலாம். ஐந்து நிமிடம் செய்து பாருங்கள். முதல் முறையிலேயே ‘ஆமாம்’ கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதும், கிடைத்தபிறகு நீங்கள் சொல்ல வந்த வாதம் சற்று மாறியிருப்பதும் தெரியும்.

இப்போது தோழிக்கு என்ன செய்யலாம் என்பது. விளக்கம் நிறைந்த நீண்ட மன்னிப்புக் கடிதம் வேண்டாம். அதைப் படித்தால் அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும். இரவில் அவர் அப்பா உறங்கும் நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் இதைப்போல ஒரு செய்தி அனுப்புங்கள்: “அன்னிக்கு ராத்திரி நீ ஒண்ணு சொன்ன. நான் பயந்துபோய் உன்னைப் பேசவிடாம ஏதேதோ சொல்லிட்டேன். அதை இன்னொரு தடவை கேட்கணும்னு இருக்கு. இந்தத் தடவை யோசனை எதுவும் சொல்லமாட்டேன். உனக்கு எப்போ தோணுதோ அப்போ கூப்பிடு.”

பதில் வராமல் போகலாம், அல்லது ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்று வரலாம். ஒருமுறை திறந்து மூடிய கதவை ஒரே செய்தியில் திறந்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. “சரி, நான் இங்கதான் இருக்கேன்” என்று மட்டும் எழுதி விட்டுவிடுங்கள். ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து அழையுங்கள், அந்த இரவைப் பற்றி நீங்களாக எடுக்காதீர்கள், “இன்னிக்கு நாள் எப்படிப் போச்சு?” என்று கேட்டுவிட்டு, அவர் அப்பாவைப் பற்றி எதைச் சொன்னாலும், அது சமையலறையில் உடைந்த குவளையாகவே இருந்தாலும், அதை முழுமையாகக் கேளுங்கள். அவர் முதலில் சிறியவற்றைத்தான் சொல்லிப் பார்ப்பார்.